14-வது தாளில் இருக்கிறது விடை

அசெஸ்மென்ட் சென்டர் தேர்வில் பலர் தடுமாறும் இடம் 'இன்-ட்ரே'. நீங்கள் ஒரு கிளை மேலாளர், விடுப்பு முடிந்து செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வார்கள். மேசையில் 16 தாள்கள், கையில் 60 நிமிடம்.

முதல் தாள், கோபமான வாடிக்கையாளர் கடிதம். 5-வது, வியாழன் மதியத்துக்குள் விற்பனை அறிக்கை வேண்டும் என்கிறது தலைமையகம். 14-வது, கணக்கு உதவியாளரின் விடுப்புச் சீட்டு: புதன் முதல் வரமாட்டார். அறிக்கைக்கான கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. ஆக, சாதாரணமாகத் தெரிந்த அந்தச் சீட்டுதான் இன்றைய முதல் வேலை. வரிசைப்படி பதில் எழுதத் தொடங்கியவர் 14-வது தாளைத் தொடும்போது நேரம் முடிந்திருக்கும்.

அதனால் முதல் 10 நிமிடம் எதுவும் எழுதாமல் எல்லாவற்றையும் படியுங்கள். தேதிகளையும் பெயர்களையும் கோடிடுங்கள். பிறகு நானே செய்வது, பிறரிடம் கொடுப்பது, தள்ளிவைப்பது என்று பிரியுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். எழுதாத யோசனைக்கு மதிப்பெண் கிடையாது.

குழு விவாதத்திலும் இதே கதைதான். அதிகம் பேசியவரைவிட, பேசாதவரிடம் கருத்துக் கேட்டு, நேரத்துக்குள் முடிவை எட்ட உதவியவருக்கே மதிப்பு. நடிப்புப் பயிற்சியில் எதிரே கோபப்படுபவரிடம் தீர்வு சொல்வதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

பொதுவாக ஒவ்வொரு பயிற்சிக்கும் தனி மதிப்பெண். காலையில் சறுக்கியதை மதியத்துக்குச் சுமக்காதீர்கள்.