யாரிடம் கேட்கிறோம்? தவ்ஹீதும் நேர்ச்சையும்



வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கூடவே பெரியவர்கள் வாயிலிருந்து ஒரு நேர்ச்சையும் வந்துவிடுகிறது. “புள்ள எழுந்து நடந்துட்டா காட்டுபாவா பள்ளிவாசலுக்கு வந்து கிடா அறுக்கிறேன்” என்பார்கள். “நாகூர் ஆண்டவரே, நீங்கதான் காப்பாத்தணும்” என்பார்கள். அதே வீட்டில் படித்த பிள்ளை ஒன்று “இது ஷிர்க்” என்று சொல்லிவிடும். “நாங்க அல்லாஹ்வைத்தானே தொழுறோம்? அவ்லியாக்கள்ட்ட சிபாரிசுதானே கேக்குறோம்?” என்று பெரியவர் கோபப்படுவார். பேச்சு அத்தோடு நின்றுவிடும். சில வீடுகளில் உறவே நின்றுவிடுகிறது.

பெரியவர் கேட்பது நியாயமான கேள்வி. அல்லாஹ் ஒருவன் என்று நம்பித் தொழுகிற ஒருவரிடமும் இணைவைப்பு நுழைய முடியுமா? குர்ஆன் யாரை நோக்கி முதலில் பேசியது என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

மக்கத்துக் குறைஷிகள் அல்லாஹ்வை அறியாதவர்கள் அல்ல. நபி (ஸல்) அவர்களுடைய தந்தையின் பெயரே அப்துல்லாஹ், அதாவது அல்லாஹ்வின் அடிமை. வானங்களையும் பூமியையும் படைத்தது யார் என்று கேட்டால் அல்லாஹ் என்றுதான் அவர்கள் சொல்வார்கள் என்று அன்கபூத் அத்தியாயம் 61ஆம் வசனம் கூறுகிறது. அதே அத்தியாயத்தின் 65ஆம் வசனம் நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். கப்பலில் ஆபத்து சூழ்ந்தால் அவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அல்லாஹ்வை மட்டும் அழைத்தார்கள். கரை ஏறியதும் பழையபடி இணைவைத்தார்கள்.

அப்படியானால் அவர்கள் ஏன் முஷ்ரிக் எனப்பட்டார்கள்? தங்களை அல்லாஹ்விடம் நெருக்கமாக்கி வைப்பார்கள் என்பதற்காகவே மற்றவர்களை வணங்குவதாக அவர்கள் சொன்ன காரணம் ஸுமர் அத்தியாயம் 3ஆம் வசனத்தில் பதிவாகியுள்ளது. இவர்கள் அல்லாஹ்விடம் எங்களுக்காகப் பரிந்துரை செய்பவர்கள் என்று அவர்கள் சொன்னதை யூனுஸ் அத்தியாயம் 18ஆம் வசனம் எடுத்துக் கூறுகிறது. படைத்தவன் ஒருவன் என்பதில் அவர்களுக்குத் தகராறு இல்லை. வணக்கத்தில்தான் பங்கு வைத்தார்கள்.

ஆகவே ‘இறைவன் ஒன்று’ என்று எண்ணிக்கை சொல்வதோடு தவ்ஹீத் முடிந்துவிடாது. படைப்பதும் உணவளிப்பதும் அவன் ஒருவனே என்று நம்ப வேண்டும். மறைவானதை அறிவது, எங்கிருந்து அழைத்தாலும் கேட்பது போன்ற அவனுக்கே உரிய தன்மைகளை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. துஆ, நேர்ச்சை, அறுத்துப் பலியிடுதல், ஸஜ்தா ஆகிய வணக்கங்களை அவனுக்கு மட்டுமே செய்ய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததே தவ்ஹீத்.

இணைவைப்பு நல்லவர்களின் பெயரிலேயே தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நூஹ் (அலை) அவர்களின் சமூகம் வணங்கிய வத்து, சுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் ஆகியோர் அந்தச் சமூகத்தில் வாழ்ந்து மறைந்த நல்லடியார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியது புகாரியில் உள்ளது. அவர்கள் இறந்ததும், அவர்கள் அமர்ந்த இடங்களில் நினைவுச் சின்னங்கள் வைத்து அவர்களுடைய பெயரைச் சூட்டினார்கள். வைத்த தலைமுறை அவற்றை வணங்கவில்லை. அந்தத் தலைமுறை போய், கல்வியும் மறைந்த பிறகு வந்தவர்கள்தான் வணங்கினார்கள். மரியாதையில் தொடங்கியது, எல்லை எதுவென்று சொல்லித்தர ஆள் இல்லாததால் வணக்கமாக மாறிவிட்டது.

சரி, கொலையைவிட, விபச்சாரத்தைவிட இது ஏன் பெரிய பாவம்? எந்தப் பாவம் மிகப் பெரியது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) கேட்டபோது, உன்னைப் படைத்தவன் அல்லாஹ்வாக இருக்க அவனுக்கு நிகரை ஏற்படுத்துவது என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். பிள்ளையைக் கொல்வதும் அண்டை வீட்டாரின் மனைவியோடு தவறு செய்வதும் அதற்கு அடுத்தபடியாகத்தான் வந்தன. அந்தப் பதிலிலேயே காரணமும் இருக்கிறது: ‘உன்னைப் படைத்தவன் அவன்’.

குர்ஆன் இணைவைப்பை ‘ளுல்ம்’, அதாவது அநீதி என்கிறது. அன்ஆம் அத்தியாயத்தின் 82ஆம் வசனம், ஈமானோடு அநீதியைக் கலக்காதவர்களுக்கே அச்சமற்ற நிலை உண்டு என்ற பொருளில் இறங்கியபோது ஸஹாபாக்கள் கலங்கிவிட்டார்கள். தனக்குத்தானே அநீதி செய்யாதவர் எங்களில் யார் என்று கேட்டார்கள். இங்கே குறிப்பிடப்படுவது அதுவல்ல, லுக்மான் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைப் பாருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இணைவைப்பதே மிகப் பெரிய அநீதி என்று லுக்மான் அத்தியாயம் 13ஆம் வசனத்தில் இருக்கிறது.

ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைப்பதுதான் ளுல்ம் என்று அரபு அறிஞர்கள் பொருள் சொல்வார்கள். நம் டிரஸ்டுக்கு ஒருவர் கல்வி உதவிக்காகப் பணம் தருகிறார். ரசீதை நான் இன்னொருவர் பெயரில் போட்டு, நன்றியையும் அவருக்கே சொன்னால் அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உயிர், பார்வை, பிள்ளை, மழை எல்லாவற்றையும் தந்தவன் ஒருவனாக இருக்க, அவனுக்குரிய வணக்கத்தை அவனே படைத்த இன்னொருவருக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய அநீதி. இதனால் அல்லாஹ்வுக்கு எந்த நஷ்டமும் இல்லை. மற்றப் பாவங்கள் அவனுடைய கட்டளையை மீறுகின்றன; இது அவனுடைய உரிமையையே பங்கு போடுகிறது.

‘சிபாரிசுதானே’ என்பதற்கு வருவோம். நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வைப் புதுக்கோட்டையிலிருந்து ஒருவர் அழைக்கிறார். அதே நேரத்தில் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஆட்கள் அழைக்கிறார்கள். எல்லோரையும் அவர் ஒரே நேரத்தில் கேட்கிறார், மனத்தில் உள்ளதை அறிகிறார், துன்பத்தை நீக்குகிறார் என்று நம்பினால்தான் அந்த அழைப்புக்கே அர்த்தம் இருக்கிறது. அந்த நம்பிக்கை அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய தன்மையை ஓர் அடியாருக்குக் கொடுக்கிறது. துஆதான் வணக்கம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததும் இதனால்தான்.

பகரா அத்தியாயத்தின் 186ஆம் வசனத்தில் ஒரு நுட்பத்தை விரிவுரையாளர்கள் காட்டுவார்கள். மக்கள் உம்மிடம் இதைக் கேட்கிறார்கள் என்று வரும் மற்ற இடங்களில் பெரும்பாலும் ‘நபியே, நீர் கூறும்’ என்ற சொல் பதிலுக்கு முன்னால் வரும். அடியார்கள் அல்லாஹ்வைப் பற்றிக் கேட்கும் இந்த இடத்தில் ‘கூறும்’ என்பது இல்லை. தான் சமீபத்தில் இருப்பதை அல்லாஹ் நேரடியாகவே சொல்லிவிடுகிறான்.

இப்போது அந்தக் கிடா நேர்ச்சையை எடுத்துக்கொள்வோம். “அல்லாஹ்வே, என் பிள்ளை குணமானால் உனக்காக ஒரு கிடா அறுத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறேன்” என்றால் அது சரியான நேர்ச்சை, நிறைவேற்றுவது கடமை. “பாவா, என் பிள்ளையைக் குணமாக்குங்கள், உங்களுக்குக் கிடா அறுக்கிறேன்” என்றால் கேட்டதும் அவரிடம், நேர்ந்ததும் அவருக்கு, அது இணைவைப்பு. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. நேர்ச்சை அல்லாஹ்வுக்குத்தான், ஆனால் அறுப்பது தர்காவில் என்பது. புவானா என்ற இடத்தில் ஒட்டகம் அறுப்பதாக நேர்ந்த ஒருவரிடம், அங்கே அறியாமைக் காலத்தில் வணங்கப்பட்ட சிலை ஏதும் இருந்ததா, அவர்களுடைய திருவிழா ஏதும் நடந்ததா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இல்லை என்று தெரிந்த பிறகுதான் நிறைவேற்றச் சொன்னார்கள் என்று அபூதாவூதில் உள்ளது. நிய்யத்து சரியாக இருந்தும் இடத்தைப் பற்றி ஏன் விசாரித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கறியை நம் மஹல்லா ஏழைகளுக்கே கொடுத்துவிடலாம்; சந்தேகமும் இல்லை, பயணச் செலவும் இல்லை.

இது புதிதாக வந்த கருத்து என்று சிலர் நினைக்கிறார்கள். நம் ராவுத்தர் ஜமாஅத்துகள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பழைய நூலான துர்ருல் முக்தார், இறந்தவர்களின் நெருக்கம் நாடிப் பொதுமக்கள் செய்யும் நேர்ச்சை செல்லாது, அது ஹராம் என்று எழுதுகிறது. யாராவது அப்படி நேர்ந்திருந்தால் அதை நிறைவேற்றக் கூடாது. அல்லாஹ்வுக்கு மாறுசெய்வதாக நேர்ந்தவர் மாறுசெய்ய வேண்டாம் என்ற நபிமொழி புகாரியில் உள்ளது. தவ்பா செய்ய வேண்டும். பரிகாரம் உண்டா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுவதால் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணைவைப்பு அல்லாதவற்றையும் பிரித்தறிய வேண்டும். கப்ரை ஜியாரத் செய்து, மரணத்தை நினைத்து, அங்கே அடங்கியிருப்பவருக்காக துஆ செய்வது சுன்னத். உயிரோடு இருக்கும் நல்லவரிடம் ‘எனக்காக துஆ செய்யுங்கள்’ என்று கேட்கலாம். பஞ்சம் வந்தபோது உமர் (ரலி) அவர்கள் நபியின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைக்காகப் பிரார்த்தித்தார்கள். டாக்டரிடம் மருந்து கேட்பதும் தவறல்ல. ‘இன்னாரின் பொருட்டால்’ என்று சொல்லி அல்லாஹ்விடமே கேட்பது கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அங்கே கேட்கப்படுபவன் அல்லாஹ்தான். அதையும் அடியாரிடமே கேட்பதையும் ஒன்றாக்கிச் சண்டை போடக் கூடாது.

அல்லாஹ் இணைவைப்பை மன்னிக்க மாட்டான் என்ற நிஸா அத்தியாயத்தின் 48ஆம் வசனத்தைக் கேட்டுச் சிலர் நம்பிக்கை இழக்கிறார்கள். தவ்பா செய்யாமல் அதே நிலையில் இறப்பவருக்குத்தான் அது. உயிர் தொண்டையை அடையும்வரை தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. உமர் (ரலி) அவர்களும் காலித் பின் வலீத் (ரலி) அவர்களும் ஒரு காலத்தில் சிலை வணங்கியவர்களே.

செயலை ஷிர்க் என்று விளக்குவது வேறு, அறியாமல் செய்த பெத்தாவை முஷ்ரிக் என்று சொல்வது வேறு. ஒருவர் தம் சகோதரரைக் காஃபிர் என்றால் அந்தச் சொல் இருவரில் ஒருவர்மீது வந்து சேரும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பிற சமயச் சகோதரர்கள் வணங்குபவற்றை ஏசுவதையும் அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் தடுக்கிறது.

தர்கா பக்கமே போகாதவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. உம்மத்தின் மீது தாம் மிகவும் அஞ்சுவது சிறிய ஷிர்க் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அது என்ன என்று கேட்டபோது, முகஸ்துதி என்றார்கள். அது ஒருவரை இஸ்லாத்தைவிட்டு வெளியேற்றாது. ஆனால் அந்த அமலின் கூலியை அழித்துவிடும். நம் டிரஸ்டுக்கு நன்கொடை தரும்போது பெயர்ப்பலகையில் பெயர் எந்த வரியில் வரும் என்று மனம் தேடினால், அந்தப் பணத்தில் ஒரு பங்கு யாருக்குப் போகிறது என்று அவரவர் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்