சேலை போனது, பணமும் போனதா?

கார்டு வைத்திருப்பவர் தன் வங்கியை அழைத்து “இந்தச் செலவை நான் செய்யவில்லை” என்று சொன்னால், அந்தப் பணம் பெரும்பாலும் விற்றவரின் கணக்கிலிருந்து முதலில் கழிக்கப்பட்டுவிடும். விசாரணை அதற்குப் பிறகுதான். இதற்குப் பெயர் சார்ஜ்பேக். கடன் அட்டைக் கட்டணங்களை மறுக்கும் உரிமையை 1974-ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டம் அமெரிக்கர்களுக்கு உறுதி செய்தது. கார்டு நிறுவனங்களின் விதிகள் அதைவிடவும் விரிந்தவை. உலகில் எங்கிருந்து விற்றாலும், அந்த வலையமைப்பின் கார்டை ஏற்கும் வணிகர் அந்த விதிகளுக்குள் வந்துவிடுகிறார்.

காஞ்சிபுரத்திலிருந்து இணையத்தில் பட்டுச் சேலை விற்கும் ஒரு கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மார்ச் 3-ஆம் தேதி நியூஜெர்சியிலிருந்து ஒருவர் விசா கார்டில் 24,000 ரூபாய்க்குச் சேலை வாங்குகிறார். 11-ஆம் தேதி கூரியர் அதைச் சேர்த்துவிடுகிறது. மே 10-ஆம் தேதி பேமென்ட் கேட்வேயிலிருந்து கடைக்கு மின்னஞ்சல் வருகிறது: தொகை நிறுத்திவைக்கப்பட்டது, காரணக் குறியீடு 10.4, பதில் தர ஒன்பது நாள்.

கடைக்காரருக்குச் சட்டென்று எடுத்துவைக்கத் தோன்றுவது கூரியர் ரசீதைத்தான். “சேலை போய்ச் சேர்ந்துவிட்டது, கையெழுத்தும் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்?” நியாயமான கோபம்தான். ஆனால் வங்கி கேட்ட கேள்வி அதுவல்ல. விசாவில் 13.1 என்றால் “பொருள் வரவில்லை”, 10.4 என்றால் “கார்டை நேரில் காட்டாமல் நடந்த இந்தக் கொள்முதலை நான் செய்யவில்லை.” கார்டு எண்ணைத் திருடியவரும் கையெழுத்துப் போட்டுச் சேலையை வாங்கிக்கொள்ளலாம் அல்லவா? ஆகவே 13.1-இல் வழக்கை முடிக்கக்கூடிய ரசீது, 10.4-இல் பாதிக்கிணறு கூடத் தாண்டாது. தோற்கும் பதில்களில் பல, உண்மை இல்லாததால் தோற்பதில்லை. வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பதால் தோற்கின்றன.

இதே கடை உள்நாட்டு வாடிக்கையாளருக்கு விற்றிருந்தால் 10.4 தலைவலி அநேகமாக வந்திருக்காது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி இந்தியக் கார்டுகளின் இணையக் கொள்முதலுக்குக் கூடுதல் அடையாளச் சரிபார்ப்பு, பெரும்பாலும் ஓ.டி.பி., தேவை. அப்படிச் சரிபார்த்த பரிவர்த்தனையை “மோசடி” என்று மறுத்தால், பொறுப்பு பொதுவாகக் கார்டு வழங்கிய வங்கியைச் சேரும். வெளிநாட்டில் வழங்கிய கார்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சரிபார்ப்பு இல்லாமல் பணத்தை ஏற்ற கடை, இடரையும் சேர்த்தே ஏற்றிருக்கிறது.

இனி பதில் போகும் பாதை. கடை தரும் ஆவணங்களைக் கேட்வே வணிகரின் வங்கிக்கு அனுப்பும். அந்த வங்கி கார்டு வலையமைப்பின் வழியாக, பணத்தைத் திரும்பக் கோரி, கார்டு வழங்கிய வங்கியின் முன் வழக்கை வைக்கும். வணிகர் நேரடியாக யாரோடும் வாதாடுவதில்லை. இந்த மறுசமர்ப்பிப்பைத்தான் தொழிலில் ரெப்ரசென்ட்மென்ட் என்கிறார்கள். 2018 ஏப்ரலில் விசா தன் முறையை மாற்றி, வழக்குகளை இரண்டு தடங்களாகப் பிரித்தது. பொருள் வரவில்லை, சரியில்லை என்பன போன்றவற்றில் பழையபடி மறுசமர்ப்பிப்பு உண்டு. மோசடிப் புகாரிலோ, வணிகர் தரப்பின் முதல் பதிலே நடுவர் தீர்ப்புக்கு முந்தைய கட்டத்தில்தான் நுழைகிறது. அதாவது அங்கே வாய்ப்புகள் குறைவு. முதல் பதிலே முழுமையாக இருக்க வேண்டும்.

அந்த முதல் பதிலுக்கு 2023 ஏப்ரல் 15 முதல் ஒரு வலுவான ஆயுதம் கிடைத்திருக்கிறது. விசா அதை ‘கம்பெல்லிங் எவிடன்ஸ் 3.0’ என்று அழைக்கிறது. ‘நான் வாங்கவில்லை’ என்பவர் அதே கார்டில் இதே கடையில் முன்பும் வாங்கி, அவற்றை மோசடி என்று புகார் செய்யாமல் விட்டிருக்கிறாரா என்பதே இதன் கேள்வி. அப்படிப்பட்ட பழைய கொள்முதல் இரண்டு வேண்டும். அவை புகாருக்கு 120 நாளுக்குக் குறையாமலும் 365 நாளுக்கு மிகாமலும் முந்தியவையாக இருக்க வேண்டும். 120 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு: ஒரு செலவை மறுக்க வழக்கமாகத் தரப்படும் அவகாசம் அவ்வளவுதான். அதைக் கடந்தும் மறுக்கப்படாத கொள்முதல், அவருடையதே என்று கொள்ளப்படுகிறது.

நம் கடையின் பதிவேட்டில் அதே கார்டில் முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஒன்று, நவம்பரில் ஒன்று, இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒன்று எனக் கொள்முதல்கள் இருக்கின்றன. மே 10-இலிருந்து 120 நாள் பின்னால் எண்ணினால் ஜனவரி 10. ஆகவே பிப்ரவரிக் கொள்முதல் செல்லாது. செப்டம்பரும் நவம்பரும் செல்லும். அடுத்து, அந்த இரண்டும் மார்ச் கொள்முதலும் குறைந்தது இரண்டு அடையாளங்களில் ஒத்துப்போக வேண்டும். ஐ.பி. முகவரி, சாதன அடையாளம், கடைத் தளத்தின் உள்நுழைவுக் கணக்கு, அனுப்பிய முகவரி ஆகியவற்றிலிருந்து அந்த இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம்; ஆனால் அவற்றில் ஒன்றாவது ஐ.பி. முகவரியாகவோ சாதன அடையாளமாகவோ இருந்தே ஆக வேண்டும்.

சிறு கடைகள் இடறுவது இங்கேதான். அனுப்பிய முகவரி மூன்று முறையும் ஒன்றே, உள்நுழைவுக் கணக்கும் ஒன்றே என்றாலும் போதாது. அலைபேசி இணைப்பில் ஐ.பி. முகவரி அடிக்கடி மாறிவிடும். சாதன அடையாளத்தை விற்ற அன்றே பதிந்து, ஓராண்டுக்கு மேல் வைத்திருக்கும் கடைக்குத்தான் இந்த வழி திறக்கும். மே மாதத்தில் மின்னஞ்சல் வந்தபின் செப்டம்பர் மாதத்துப் பதிவை உண்டாக்க முடியாது. நிபந்தனைகள் நிறைவேறினால், பொறுப்பு கார்டு வழங்கிய வங்கிக்கு மாறும்.

எல்லாம் கையில் இருந்தும், அனுப்பும் விதத்தில் கெடுப்பவர்கள் உண்டு. படிக்கும் வங்கி ஊழியர் இணைய இணைப்பைச் சொடுக்கிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. கூரியர் தளத்தின் பக்கத்தைப் படமெடுத்து இணைக்க வேண்டும். கோப்புகள் கறுப்பு வெள்ளையாக மாறக்கூடும். மஞ்சள் பூசிக் காட்டிய வரி அதில் மறைந்துவிடும், அம்புக்குறி மறையாது. முதல் பக்கத்தில் மூன்று கொள்முதல்களின் தேதி, தொகை, ஒத்துப்போகும் அடையாளங்கள் ஒரு சிறு அட்டவணையாக இருந்தால் போதும். 13.1 வழக்கு என்றால் கூரியர் தளம் ஊர்ப் பெயரை மட்டும் காட்டுகிறதா, முழு முகவரியைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர் மட்டும் என்றால் சேர்ப்புச் சான்றைத் தனியாகக் கேட்டு வாங்குவது நல்லது.

இதற்கிடையில் வாடிக்கையாளரே தொடர்புகொண்டு, மகள் அம்மாவின் கார்டில் வாங்கியது, தெரியாமல் புகார் செய்துவிட்டேன், பணத்தைத் திருப்பிவிடுங்கள் என்று கேட்கலாம். அப்போது நல்ல மனத்தோடு திருப்பி அனுப்பினால் பணம் இரண்டு முறை போகும்: சார்ஜ்பேக்கில் ஒரு முறை, ரீஃபண்டில் மறு முறை. அவர் தன் வங்கியிடம் புகாரைத் திரும்பப் பெற வேண்டும். அப்படிப் பெற்றதற்கான கடிதம் கிடைத்தாலும், அதையும் இணைத்து உரிய நாளுக்குள் கடை பதிலை அனுப்பியாக வேண்டும். பதில் அனுப்பாத வழக்கு, தோற்ற வழக்கு.

கார்டு வழங்கிய வங்கி பதிலை ஏற்காவிட்டால் கடைசிப் படி வலையமைப்பின் நடுவர் தீர்ப்பு. தோற்பவர் கட்டும் கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர். 24,000 ரூபாய்ச் சேலைக்கு அது கட்டுப்படியாகாது. ஒருவேளை ஜெயித்தாலும், புகார் வந்தது வந்ததுதான் என்று வணிகரின் சார்ஜ்பேக் விகிதத்தில் அது பொதுவாக எண்ணப்படும். அதனால் விவரம் தெரிந்த கடைகள் முதலில் கை வைப்பது கார்டு அறிக்கையில் அச்சாகும் பெயரில்தான். தளத்தில் ஒரு பெயரும் அறிக்கையில் பதிவு பெற்ற நிறுவனத்தின் வேறொரு பெயரும் இருந்தால், சேலையைக் கட்டி மகிழ்ந்தவர்கூட இரண்டு மாதம் கழித்து அறிக்கையைப் பார்த்து, இது யார் என்று கேட்டு வங்கியை அழைப்பார்.