555 என்றால் சிரிப்பு... தெரியுமா?

குமாரபாளையத்து விசைத்தறிக்காரர் ஒருவரிடம் பாங்காக்கிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் லுங்கி கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் சாம்பிள் படம் அனுப்பி, "கட்டிப் பார்த்தால் கழற்ற மனசு வராது" என்று ஒரு வரியும் தட்டிவிடுகிறார். பதில் வருகிறது: 555. ஐநூத்தி அம்பத்தஞ்சு உருப்படி ஆர்டர் என்று நினைத்துப் பாவு ஓட்டச் சொன்னால் போச்சு! அவர் ஆர்டரே தரவில்லை. சிரித்திருக்கிறார்!

தாய்லாந்து மொழியில் ஐந்துக்குப் பெயர் 'ஹா'. மூன்று ஐந்து போட்டால் ஹாஹாஹா! சிரிப்பு கூடினால் 55555 என்று நீளும், வாலில் கூட்டல் குறி ஒட்டி 555+ என்றும் வரும். இதே 555 சீனாவுக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா? அங்கே ஐந்துக்கு 'ஊ' என்று பெயர். அதனால் ஊ ஊ ஊ... அழுகை! ஒரே எண், பாங்காக்கில் சிரிக்கிறது, பெய்ஜிங்கில் அழுகிறது!

அப்படியானால் சிரிப்பா, கணக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முந்தைய வரியைப் பாருங்கள். நீங்கள் விலையோ எண்ணிக்கையோ கேட்டிருந்தால் அது கணக்காக இருக்கலாம். வேடிக்கையாக எதையாவது சொல்லி, அதற்கு உருப்படி, ரூபாய் என்று எதுவும் ஒட்டாமல் வெறும் ஐந்துகள் வந்தால் பெரும்பாலும் சிரிப்புதான். விலை சொன்ன கையோடு 555 வந்தால்தான் சிக்கல். அது எதிர்விலையா, "இந்த விலையா?" என்ற நக்கலா?

நக்கல் என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் இடங்கள் நான்கை அது அன்றே பிரித்து வைத்துவிட்டது! 555 தருவது ஓசையை மட்டும்தான், எந்த இடத்தில் பிறந்த சிரிப்பு என்பதைச் சொல்வதில்லை. அதைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்தான் பார்த்து எழுத வேண்டும். நமக்கு 'ஹாஹா' வாய்விட்ட சிரிப்பு. 'ஹிஹி' அசட்டுச் சிரிப்பு, மாட்டிக்கொண்டவன் வழிகிற சிரிப்பு. லுங்கி வரியை ரசித்தவரின் 555க்கு 'ஹாஹாஹா' சரி. பணம் அனுப்ப மறந்துவிட்டேன் என்று எழுதி அவர் 555 போட்டால், அங்கே 'ஹிஹி'தான் பொருந்தும். எழுத்தை மாற்றினால் ஆளே மாறிவிடுகிறார், பார்த்தீர்களா!

தாய்லாந்திலிருந்து 555 வந்தால், தறியில் பாவு ஏற்றுவதற்கு முன் "எத்தனை உருப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.