பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டவும் அனுமதி

சிசேரியனுக்குக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது பல மருத்துவமனைகளின் விதி. ‘நம் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் நடக்கிறதா?’ என்று ஒரு மகப்பேறு மருத்துவர் பார்க்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய கேஸ் ஷீட்டில் 100ஐ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதுதான் ஆடிட். யாருக்கும் புதிதாக ஒரு மாத்திரைகூடக் கொடுக்கப்போவதில்லை. ஆனாலும் எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு கடிதமும் சுருக்கமும் போயாக வேண்டும்.

மருத்துவமனைக்குள் நடக்கும் தரத் தணிக்கைகளுக்குப் பரிசீலனையிலிருந்து விலக்கு தரலாம் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டி. ஆனால் அந்த விலக்கைத் தர வேண்டியது கமிட்டி. டாக்டரே எடுத்துக்கொள்ள முடியாது.

கடிதம் ஒரு பக்கம் போதும். உறுப்பினர் செயலருக்கு எழுதும் அதில், என்ன கேட்கிறோம் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும்: பரிசீலனையிலிருந்து விலக்கு, நோயாளியின் ஒப்புதல் பெறுவதிலிருந்தும் விலக்கு. இரண்டாவதற்குக் காரணம் கேட்பார்கள். ‘நேரமில்லை’ என்பது எடுபடாது. ‘ஒப்புதல் கேட்க வேண்டுமானால், ஆடிட்டுக்குத் தேவையே இல்லாத போன் நம்பரையும் முகவரியையும் எடுக்க வேண்டிவரும்’ என்பது நியாயமான வாதம். இன்னும் ஒரு ஷீட்டைக்கூடத் திறக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டு வந்து கேட்டால் கமிட்டி கைவிரித்துவிடும்.

சுருக்கத்தைச் சட்டம் படித்தவரும் மருத்துவம் சாராத பொதுமக்களில் ஒருவரும்கூடப் படிப்பார்கள். அவர்கள் கண் போகிற இடம், எதையெல்லாம் நகலெடுக்கப்போகிறீர்கள் என்ற பட்டியல். முதல் வரைவில் பெயர், ஐ.பி. நம்பர், பிறந்த தேதி, ஆபரேஷன் தேதி, ஊசி போட்ட நேரம், கத்தி வைத்த நேரம் எல்லாம் இருக்கும். பெயரும் பிறந்த தேதியும் எதற்கு? அடித்துவிடலாம். சின்ன ஊரில் ஆபரேஷன் தேதியை வைத்தே யார் வீட்டுப் பிரசவம் என்று சொல்லிவிடுவார்கள், அதுவும் வேண்டாம். இரண்டு நேரங்களுக்குப் பதில் இடைவெளியை மட்டும் ‘35 நிமிடம்’ என்று குறித்தால் போதும். அவசர ஆபரேஷனா, முன்பே திட்டமிட்டதா என்பது தேவை. ஊசி தாமதமாவது பெரும்பாலும் அவசரத்தில்தான் என்று எதிர்பார்க்கலாம், அதைச் சரிபார்க்க வேண்டும். ஐ.பி. நம்பரை விட முடியாது, ஷீட்டைத் தேடியெடுக்க அது வேண்டும். எனவே 1 முதல் 100 வரை வரிசை எண் கொடுத்து, எந்த எண் எந்த ஐ.பி. நம்பர் என்ற பட்டியலைத் தனியே பூட்டி வைத்து, சரிபார்த்து முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று எழுதலாம்.

நேரமே குறிக்காத ஷீட்டுகளை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பலர் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். ‘பதிவு இல்லை’ என்று தனியாக எண்ணுவதுதான் சரி. ஒதுக்கினால் முடிவு உண்மையைவிட அழகாகத் தெரியும்.

‘எந்த ஆன்டிபயாடிக் சிறந்தது’ என்று ஒரு வரி நுழைந்தாலோ ஆடிட் ஆராய்ச்சியாகிவிடும், விண்ணப்பமும் வேறு. அனுமதி கிடைத்த பிறகு, ‘தையலில் சீழ் வைத்ததா என்றும் பார்த்துவிடலாமே’ என்று தோன்றினால், அந்த ஒரு காலத்துக்காகத் திரும்பவும் கமிட்டிக்கு எழுத வேண்டும்.