பலகையின் வலது ஓரத்திலிருந்து

சாஃப்ட்வேர் அலுவலகங்களில் காலையில் குழுவினர் நின்றபடியே 15 நிமிடம் கூடிப் பேசுவார்கள். இதை ஸ்டாண்ட்-அப் என்பார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், ஏதாவது தடை உண்டா என்று ஒவ்வொருவராகச் சொல்வதே வழக்கம். ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் இந்த மூன்று கேள்விகளும் இல்லை. வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். அவர்கள் பலகையில் இடமிருந்து வலமாக ஐந்து கட்டங்கள்: செய்ய வேண்டியவை, கோடிங், ரிவியூ, டெஸ்டிங், ரிலீஸுக்குத் தயார். ரத்தான ஆர்டருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் வசதிக்கான கார்டு ரிவியூவில் நான்கு நாளாகக் கிடக்கிறது. கோடு எழுதியவர், "அது முடிஞ்சுது, அடுத்ததை எடுத்திருக்கேன்" என்கிறார். ரிவியூ செய்ய வேண்டியவர் தன் கோடிங் வேலையைப் பற்றிப் பேசுகிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்தக் கார்டைப் பற்றிப் பேச அங்கே யாருமில்லை.

கன்பான் முறையில் இயங்கும் குழுக்கள் ஆட்களை விட்டுவிட்டுப் பலகையை வலமிருந்து இடமாகப் பார்க்கின்றன. முதலில் ரிலீஸுக்குத் தயாரான கார்டு: இன்று வெளியிட என்ன தடை? அடுத்து டெஸ்டிங். டெஸ்டர் கை காலியாக இருக்கிறார். மூன்றாவதாக ரிவியூ. அங்கே நான்கு கார்டுகள் குவிந்திருக்கின்றன. டெஸ்டருக்கு ஏன் வேலை வரவில்லை என்பது இப்போது எல்லோர் கண்ணிலும் படுகிறது. "நான் எடுத்ததை அப்படியே வச்சுட்டு மதியத்துக்குள்ள ரெண்டை ரிவியூ பண்ணிடறேன்" என்று ஒருவர் முன்வருகிறார்.

வலதுபுறம் முதலில் வருவதற்குக் காரணம் எளிது. அங்குள்ள கார்டுகளில் ஏற்கெனவே பல நாள் உழைப்பு போய்விட்டது. ஆனால் வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை அதற்குப் பயனில்லை. இடப்பக்கம் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் குவியல்தான் கூடும். நேரம் தீர்ந்துபோனாலும் பேசாமல் விடுபடுவது இன்னும் தொடங்காத வேலைகளே.

இதிலும் சறுக்கல் உண்டு. தலைவர் ஒவ்வொரு கார்டாக வாசித்து "என்ன ஆச்சு?" என்று கேட்கத் தொடங்கினால் அது மறுபடி கணக்கு ஒப்பிக்கும் கூட்டம்தான். பேசுகிறவர்கள் குழுவைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்ப்பார்கள், அதுதான் அடையாளம். கார்டுகள் நிறைய இருந்தால் நகராதவற்றை மட்டும் பேசினால் போதும். கார்டு ஒரே கட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அதில் ஒரு புள்ளி வைத்து வந்தால் எது தேங்கியது என்று தேட வேண்டாம்.

பலகையில் ஏறாத வேலை இந்த முறைக்குத் தெரியாது. வாடிக்கையாளர் பிரச்சினையைத் தீர்க்கவே ஒருவர் இரண்டு நாள் செலவழித்திருக்கலாம். அவர் பெயரில் ஒரு கார்டுகூட இருக்காது. ஆகவே கூட்டத்தைக் கலைக்கும் முன், "பலகையில் இல்லாத வேலை யாரிடம் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் வந்தால், உடனே அதற்கும் ஒரு கார்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.