‘விலகுகிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

யாழ்ப்பாணத்தில் அரச திணைக்களமொன்றில் பணிபுரியும் பொறியியலாளர் தனது இராஜினாமாக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். 1988இல் நிறைவேறிய 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. ஆனால் அவர் அவுஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ புறப்படும்போது, வேலை அனுபவத்துக்குச் சான்றாக அதே கடிதத்தின் ஆங்கில வடிவமும் தேவைப்படலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எனக்குத் தெரிந்த குடிசார் பொறியியலாளர் ஒருவரின் கடிதத்தை, அடையாளங்களை மாற்றி, இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதன் மையமான வரி இதுதான்: “நான் வெளிநாடு செல்லவிருப்பதால் எதிர்வரும் 30ஆம் திகதி முதல் எனது பதவியிலிருந்து என்னை விடுவிக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” தமிழில் வாசிக்கும்போது குறையொன்றும் தெரியாது. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் மூன்று இடங்கள் இடறுகின்றன.

முதலாவது ‘விடுவிக்குமாறு’. இது பதவி விலகலா, தற்காலிக விடுப்பா? 2022 ஜூனில் வெளியான 14/2022 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல வழிவிட்டது. அவ்வாறு செல்பவரும் ‘விடுவிக்கப்படுபவர்’தான். ஆனால் அவருடைய பதவி இருக்கும். ஓய்வூதிய உரிமையும் இருக்கும். விலகியவருக்கு இரண்டும் இல்லை. ஆகவே ‘ரிலீஸ்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால், வாசிக்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு அந்த மனிதர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்பது விளங்காது.

இதைத் தவிர்க்கச் சிலர் ‘வெகேட்’ என்ற சொல்லைப் போடுகிறார்கள். ‘பதவியை விட்டுச் செல்கிறேன்’ என்பதற்கு அது பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் எமது தாபன விதிக்கோவையின் ஐந்தாம் அத்தியாயத்தில் அது ஒரு தனிக் கலைச்சொல். லீவு பெறாமல் கடமைக்கு வராதவர் ‘பதவியை வறிதாக்கியவராக’க் கருதப்படுவார், ‘வெகேஷன் ஒஃப் போஸ்ட்’ என்பது அதற்கான ஆங்கிலம். முறையாக எழுதிக் கொடுத்து விலகியவரை, சொல்லாமல் ஓடிப்போனவராகக் காட்டிவிடும் சொல் அது.

பொருந்தும் சொல் ‘டென்டர் மை ரெசிக்னேஷன்’. டென்டர் என்றால் பொறியியலாளருக்கு விலைமனுதான் நினைவுக்கு வரும். உண்மையில் இரண்டும் ஒரே சொல்: முன்வைத்தல். விலைமனுவை முன்வைத்தவுடன் ஒப்பந்தம் கிடைத்துவிடுவதில்லை, ஏற்கப்பட வேண்டும். அரச சேவையில் இராஜினாமாவும் அப்படியே. நியமன அதிகாரி ஏற்றுக்கொள்ளும்வரை விலகல் முழுமையடைவதில்லை.

இரண்டாவது இடறல் ‘30ஆம் திகதி முதல்’. அன்று அவர் வேலை செய்தாரா இல்லையா? ‘முதல்’ என்றால் 29ஆம் திகதியே கடைசி வேலைநாள். ‘உடன்’ என்றால் 30. ஆங்கிலத்தில் ‘வித் எஃபெக்ட் ஃப்ரொம்’ என்று எழுதினாலும் இந்த மயக்கம் தீராது. சேவைச் சான்றிதழில் 30 என்றும் கடிதத்தில் 29 என்றும் இருந்தால், தகைமையை மதிப்பிடுபவர் விளக்கம் கேட்கலாம். ‘எனது கடைசி வேலைநாள் இது’ என்று திகதி, மாதம், ஆண்டு மூன்றையும் எழுதுவதே பாதுகாப்பானது. ‘எதிர்வரும்’ என்ற சொல்லை நம்பியிருக்கக் கூடாது.

மூன்றாவது, பணிவு. ‘தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் கொண்டுபோனால் கெஞ்சுவது போலிருக்கும். ஆங்கில அலுவலகக் கடிதத்தில் பணிவைக் காட்ட முகப்பில் ‘டியர் சேர்’, முடிவில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ போதும். நடுவில் முடிவும் திகதியும் பொறுப்புக் கையளிப்பும் நேராக வரவேண்டும்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்துக்குக் கொடுக்க ஆங்கிலத்தில் புதிதாக எழுதும் கடிதத்தில் இத்தனை திருத்தமும் செய்யலாம். ஏற்கெனவே கையெழுத்திட்டுக் கொடுத்த தமிழ்க் கடிதத்தைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பெயர்க்கும்போது அது முடியாது. மூலத்தில் ‘விடுவிக்குமாறு’ என்று இருந்தால் அவர் அதற்குரிய சொல்லைத்தான் எழுதவேண்டும். மூலத்தில் இல்லாத கடைசி வேலைநாளைச் சேர்த்தால், சான்றுரையில் இட்ட கையெழுத்தே பொய்யாகிவிடும்.

அப்படிக் கடிதம் ஏற்கெனவே போய்விட்டால் என்ன செய்வது? மூலத்தைத் திருத்த முயல வேண்டாம். விலகலை ஏற்றுக்கொண்டதாக அலுவலகம் தரும் பதில் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். அதில் ‘இராஜினாமா’ என்ற சொல்லும் அது நடைமுறைக்கு வரும் திகதியும் தெளிவாக இருக்கின்றனவா, சேவைச் சான்றிதழுடன் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பின்னர் இரண்டு கடிதங்களையும் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் சேர்த்துக் கொடுங்கள். முதல் கடிதம் விட்ட மயக்கத்தை இரண்டாவது தீர்த்துவைக்கும்.