கொண்டை ஊசிக் கம்பியின் நடுவே எவ்வளவு காந்தம்?

நுழைவுத் தேர்வு வினாத்தாள்களில் அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. ஒரு நீண்ட கம்பி வலப்பக்கத்திலிருந்து நேராக வருகிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுபோல அரைவட்டம் அடித்துத் திரும்பி, வந்த வழிக்கு இணையாகவே போய்விடுகிறது. அரைவட்டத்தின் ஆரம் 2 செ.மீ., கம்பியில் ஓடும் மின்னோட்டம் 5 ஆம்பியர். அரைவட்டத்தின் மையத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கே காந்தப்புலம் எவ்வளவு என்று கேட்பார்கள்.

இதற்கென்று தனிச் சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கம்பியைத் துண்டு துண்டாகப் பிரித்து, அந்தப் புள்ளியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு துண்டையும் பார்க்கத் தெரிந்தால் போதும்.

மின்னோட்டம் ஓடும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புகிறது என்பதை டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் 1820-இல் அறிவித்தார். அதே ஆண்டு பாரிஸில் பயட், சாவர்ட் இருவரும் கம்பியின் அருகே ஒரு காந்தத்தை அசையவிட்டு, அது எவ்வளவு விரைவாக ஆடுகிறது என்பதை வைத்துப் புலத்தின் வலிமையை அளந்தார்கள். கம்பியின் ஒரு சிறு துண்டு மட்டும் தனியாக என்ன செய்கிறது என்பதை அறிவதில் ஒரு சிக்கல் இருந்தது. மின்னோட்டம் ஓட வேண்டுமானால் சுற்று முழுமையாக இருந்தாக வேண்டும். ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்துச் சோதிக்க முடியாது. ஆகவே நேர்க்கம்பியோடு நிற்காமல், கம்பியை V வடிவில் மடக்கியும் சோதித்தார்கள். கம்பியின் வடிவம் மாறும்போது புலம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்துதான் ஒரு துண்டின் பங்கு வெளிப்பட்டது.

அந்த விதி சொல்வது இதுதான். ஒரு சிறு துண்டு உண்டாக்கும் புலம் மின்னோட்டத்தைப் பொறுத்தும் துண்டின் நீளத்தைப் பொறுத்தும் கூடும். தொலைவு இரண்டு மடங்கானால் நான்கில் ஒன்றாகக் குறையும். இவற்றோடு துண்டு எப்படிக் கிடக்கிறது என்பதும் முக்கியம். புள்ளியின் பார்வைக்குக் குறுக்கே கிடந்தால் முழுப் பங்கு, சாய்ந்து கிடந்தால் குறைந்த பங்கு. புள்ளியை நோக்கியே நீண்டு கிடந்தால் எதுவும் இல்லை.

இப்போது வட்டத்தைப் பாருங்கள். மையத்திலிருந்து பார்த்தால் வட்டத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரே தொலைவில் இருக்கிறது. ஒவ்வொன்றும் பார்வைக்குச் சரியாகக் குறுக்கேதான் கிடக்கிறது. எனவே நீளத்தைக் கூட்டினாலே போதும். மின்னோட்டத்தை ஆரத்தால் வகுத்து 10⁻⁷ ஆல் பெருக்கி வருவதை ஓர் அலகாக வைத்துக்கொண்டால், முழு வட்டத்தின் பங்கு 2π அலகு, அரைவட்டத்தின் பங்கு π அலகு, கால் வட்டத்தின் பங்கு π/2 அலகு. நம் படத்தில் 5 ஆம்பியரை 0.02 மீட்டரால் வகுத்தால் 250. ஆகவே ஓர் அலகு என்பது 0.000025 டெஸ்லா, அதாவது 25 மைக்ரோடெஸ்லா.

அடுத்து நேர்க்கம்பி. அரைவட்டம் முடியும் இடத்தில் தொடங்கி வலப்பக்கம் நீளும் கம்பியின் முதல் துண்டு, மையத்திலிருந்து 2 செ.மீ. தொலைவில் குறுக்கே கிடக்கிறது. அதனால் முழுப் பங்கு தருகிறது. தள்ளிப் போகப் போகத் தொலைவும் கூடுகிறது, சாய்வும் கூடுகிறது. எனவே கம்பி எவ்வளவு நீண்டாலும் மொத்தப் பங்கு ஓர் அலகைத் தாண்டுவதில்லை. முதல் 2 செ.மீ. நீளமே அந்த அலகில் 71 சதவீதத்தைத் தந்துவிடுகிறது. 20 செ.மீ. வரை போனால் 99.5 சதவீதம் வந்துவிடும். வினாவில் ‘முடிவிலி நீளம்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். ஆரத்தைப்போல் பத்து மடங்கு நீளம் இருந்தாலே அது முடிவிலிக்கு ஈடு.

இனி திசை. மின்னோட்டம் மேல்கம்பி வழியாக இடப்பக்கம் வந்து, வளைவில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றி, கீழ்க்கம்பி வழியாக வலப்பக்கம் போகட்டும். வலக்கைப் பெருவிரலை மின்னோட்டத்தின் திசையில் நீட்டினால், மற்ற விரல்கள் வளையும் திசைதான் புலத்தின் திசை. மேல்கம்பிக்குக் கீழே இருக்கும் மையத்தில் விரல்கள் தாளிலிருந்து வெளியே வருகின்றன. கீழ்க்கம்பிக்கு மேலேயும் அப்படியே, அரைவட்டத்துக்கும் அப்படியே. மூன்றும் ஒரே திசை என்பதால் கூட்டலாம். π + 1 + 1 = 5.14 அலகு. 25-ஆல் பெருக்கினால் சுமார் 128.5 மைக்ரோடெஸ்லா. தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. இந்தச் சிறு வளைவின் நடுவே அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது.

அதே அரைவட்டத்தை வைத்துக்கொண்டு, நேர்க்கம்பிகளை மட்டும் இருபக்கமும் விரித்து விட்டத்தின் நீட்சியாக வரைந்தால்? இரண்டும் மையத்தை நோக்கியே கிடக்கின்றன. அவற்றின் பங்கு பூஜ்யம். மிஞ்சுவது π அலகு மட்டும், அதாவது 78.5 மைக்ரோடெஸ்லா.

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது திசையில்தான். நீண்ட நேர்க்கம்பி ஒன்று இடமிருந்து வலமாகப் போகிறது. நடுவில் கம்பிக்கு மேலே ஒரு முழு வட்டம். இதை இரண்டு விதமாக வரையலாம். முதல் படத்தில் கம்பி வலப்பக்கம் போகும் வேகத்திலேயே மேலேறிச் சுற்றி, தன்னையே குறுக்கே கடந்து, மீண்டும் வலப்பக்கம் போகிறது. இரண்டாவது படத்தில் கம்பி கடப்பதே இல்லை. Ω எழுத்தைப்போல இடப்பக்கமாக மேலேறி, வலப்பக்கமாக இறங்கிப் போய்விடுகிறது. அடியில் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது.

இரண்டிலும் நேர்க்கம்பியின் இரு பாதிகளும் சேர்ந்து 2 அலகு, திசை தாளிலிருந்து வெளியே. வட்டத்துக்கு 2π அலகு. ஆனால் முதல் படத்தில் மின்னோட்டம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவதால் வட்டத்தின் புலமும் வெளியே வருகிறது. மொத்தம் 8.28 அலகு. இரண்டாவது படத்தில் கடிகாரத் திசையில் சுற்றுவதால் வட்டத்தின் புலம் தாளுக்குள்ளே போகிறது. கழித்தால் 4.28 அலகு. அதே ஆரம், அதே மின்னோட்டம் என்றால் ஒன்றில் 207 மைக்ரோடெஸ்லா, மற்றதில் 107. கம்பி தன்னைக் கடக்கிறதா இல்லையா என்ற ஒரு சிறு கோட்டில்தான் ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசம். ஆகவே எண்களைத் தொடும் முன்பே ஒவ்வொரு துண்டின் அருகிலும் ‘வெளியே’, ‘உள்ளே’ என்று எழுதிவிடுவது நல்லது.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. வட்டத்தின் தளத்தில் எல்லாத் துண்டுகளும் சம தொலைவில் இருக்கும் இடம் மையம் ஒன்றுதான். வட்டத்தின் தளத்திலேயே புள்ளியைச் சற்று நகர்த்தினாலும் அருகிலுள்ள துண்டுகள் கூடுதலாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் பங்களிக்கும். அப்போது எளிய கூட்டல் உதவாது.

படத்தில் வரையாத கம்பியையும் மறந்துவிடக் கூடாது. மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் டேஞ்சன்ட் கால்வனாமீட்டரின் வட்டச் சுருள் நடுவே காந்த ஊசி இருக்கும். மின்கலத்திலிருந்து சுருளுக்கு வரும் கம்பியும் திரும்பும் கம்பியும் தனித்தனியாக விலகிக் கிடந்தால், அவையும் தம் பங்கைச் செலுத்தி ஊசியின் விலக்கத்தை மாற்றிவிடும். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் எதிரெதிர் மின்னோட்டங்களின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சுருளுக்கு நாம் போட்ட கணக்கு அதன் பிறகுதான் ஊசிக்கும் பொருந்தும்.